முதலாளி பெயரில் செய்தி எழுதும்போது

கேள்வி: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு இறால் கம்பெனி முதலாளிக்கு உதவியாளராக இருக்கிறேன். அவர் போனிலிருந்து நான் எழுதி அனுப்பும் செய்தி அவர் பேசுவது மாதிரி இல்லையாம். எப்படிச் சரிசெய்வது?

அவர் கைப்பட அனுப்பிய பழைய செய்திகளில் முப்பதையாவது படியுங்கள். யாரை அண்ணே என்கிறார், யாரைத் தம்பி என்கிறார், மறுக்கும்போது காரணம் சொல்கிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகைப் பழுதுபார்க்க ஒருவர் முன்பணம் கேட்கிறார் என்று வைப்போம். “பழைய பாக்கி முடியாம தர முடியாதுன்னு சொல்லு” என்கிறார் முதலாளி. நம் கை உடனே “மதிப்பிற்குரிய ஐயா, தற்போது இயலாத சூழல், வருந்துகிறோம்” என்று எழுதும். அதில் பாக்கி பற்றிய பேச்சே இல்லை. “தற்போது” என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் அடுத்த வாரமும் கேட்பார்.

முதலாளி எழுதினால் இப்படி இருக்கும்: “அண்ணே, படகு வேலை நடக்குதுன்னு தெரியும். பழைய பாக்கி முடியட்டும், அப்புறம் பேசுவோம்.”

இங்கே “பேசுவோம்” என்பதை “தருகிறேன்” என்று மாற்றிவிடாதீர்கள். அது வாக்குறுதி, அதைக் கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. சொல்லப்போனால் “பேசுவோம்” என்பதுகூட நீங்கள் சேர்த்ததுதான். அதனால் அனுப்பும் முன் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். தொகையும் தேதியும் அவர் வாயால் வரும்வரை அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள். அவர் கடலோரத்தில் சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தால், உங்கள் பெயரிலேயே “முதலாளி வந்ததும் கேட்டுச் சொல்கிறேன்” என்று அனுப்பலாம்.