குளிர்பதனச் சுழற்சி வரைபடத்தை எங்கிருந்து படிப்பது?

"கம்ப்ரசர், கண்டென்சர், விரிவு வால்வு, எவாப்பரேட்டர் என நான்கும் படத்தில் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?"

கம்ப்ரசரையும் விரிவு வால்வையும் இணைத்து ஒரு கோடு போடுங்கள். கண்டென்சர் உள்ள பக்கம் உயர் அழுத்தம், எவாப்பரேட்டர் உள்ள பக்கம் தாழ் அழுத்தம். ஆர்-134ஏ குளிர்பதனப் பொருளை எடுத்துக்கொள்வோம். கண்டென்சரில் ஏறக்குறைய 10 பார் தனி அழுத்தத்தில், 40 டிகிரி செல்சியஸில் அது திரவமாகிறது. வால்வைத் தாண்டியதும் அழுத்தம் 2 பாருக்கு இறங்குகிறது. திரவத்தின் ஒரு பகுதி அங்கேயே கொதித்து ஆவியாகி, மீதியை −10 டிகிரிக்குக் குளிர்விக்கிறது. பலரும் தவறவிடும் இடம் இதுதான்: வால்வு வெப்பத்தை வெளியே அனுப்புவதில்லை. மீதித் திரவம் எவாப்பரேட்டரில்தான் சுற்றுப்புற வெப்பத்தை வாங்கி ஆவியாகிறது.

அங்கிருந்து கம்ப்ரசருக்குப் போகும் குழாயைக் கவனியுங்கள். அதே 2 பாரில் இந்தப் பொருளின் கொதிநிலை −10 டிகிரி; குழாய் அதைவிடச் சூடாக −4 டிகிரி காட்டினால் உள்ளே ஆவி மட்டுமே. −10 டிகிரியே காட்டினால் திரவமும் கலந்து வரலாம். அது கம்ப்ரசரின் வால்வுத் தகடுகளை உடைத்துவிடக்கூடும்.