திங்கட்கிழமை அழுகையும் சனி, ஞாயிறு உறக்கமும்

கேள்வி: எனக்கு 26 வயது. பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை வேலை பார்க்கிறேன். 4.30-க்குப் படுத்து 11.30-க்கு எழுவேன். இடையில் எட்டரைக்கு அம்மா எழுப்பி இட்லி சாப்பிட வைப்பார். சனி, ஞாயிறு இரவுகளில் 10.30-க்கே படுத்து ஆறு மணிக்கு எழுந்து, ஞாயிறு ஆராதனைக்கும் போகிறேன். ஆனால் திங்கள், செவ்வாய் இரவுகளில் காரணமில்லாமல் அழுகை வருகிறது. வேலையை விட்டுவிடத் தோன்றுகிறது. என் மனம்தான் பலவீனமா?

பதில்: இல்லை அம்மா. நீங்கள் எழுதியுள்ள நேரங்களே காரணத்தைச் சொல்லிவிடுகின்றன. வேலை நாள் உறக்கமும் விடுமுறை உறக்கமும் ஒன்றன்மேல் ஒன்று படிவது 4.30 முதல் ஆறு வரை, ஒன்றரை மணி நேரம் மட்டுமே. மூளையின் அடிப்பகுதியில் உள்ள சிறு நரம்புத் திரள்தான் உடலின் கடிகாரம். அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். வாரம் முழுவதும் நகர்த்தியதை வெள்ளியோடு விட்டுவிட்டு சனி, ஞாயிறில் பின்னுக்கு இழுப்பதால், திங்கள் இரவில் அது இரண்டு பக்கமும் சேராமல் நிற்கிறது. உடல்வெப்பம் மிகக் குறையும் பின்னிரவில் மனநிலையும் தாழ்வது இயல்பு. அந்த நேரத்தில்தான் நீங்கள் விழித்திருந்து வாடிக்கையாளரின் கோபத்தையும் கேட்கிறீர்கள்.

ஆகவே விடுமுறையில் முழுவதுமாகப் பகல் வாழ்க்கைக்குத் திரும்பாமல் பாதி வழியில் நின்றுவிடுங்கள் என்பதே என் யோசனை. சனி, ஞாயிறு இரவுகளில் இரண்டு மணிக்குப் படுத்து ஒன்பதரைக்கு எழுந்தால், 4.30 முதல் 9.30 வரை ஐந்து மணி நேரம் ஏழு நாளும் மாறாத உறக்கமாகிவிடும். கடிகாரத்தைப் பிடித்து நிறுத்துவது அந்த ஐந்து மணி நேரம்தான். காலை ஆராதனையை மாதத்தில் ஒரு ஞாயிறுக்கு வைத்துக்கொண்டு, மற்ற வாரங்களில் உங்கள் ஆலயத்தில் மாலை ஆராதனை இருந்தால் அதற்குப் போகலாம். அம்மாவுக்கு இது வருத்தமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். திங்கள் இரவில் நீங்கள் அழுவதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லுங்கள்.

எட்டரை மணி இட்லியையும் நிறுத்த வேண்டும். அம்மா அதை அன்பினால்தான் செய்கிறார். ஆனால் அந்த இருபது நிமிடம் முற்றத்து வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், உறக்கம் இரண்டு துண்டாகும். பிற்பாதி ஆழ்ந்து வராது. தட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, எழுந்த பிறகு சாப்பிடுங்கள். அறையின் சன்னலுக்குக் கனத்த கறுப்புத் துணி போட்டு, தண்ணீர் மோட்டார், மிக்ஸி சத்தத்தை மறைக்க மின்விசிறியை ஓடவிடுங்கள். வேலையின் முற்பாதியில் அறை விளக்கெல்லாம் எரியட்டும். கடைசி ஒன்றரை மணி நேரம் மேசை விளக்கு ஒன்று போதும். எழுந்தவுடன் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடப்பது நல்லது. நம்மூர் நண்பகல் வெயிலுக்கு மரநிழல் போதும். இரவு ஒரு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் வரை உடலில் தங்கும்.

இரவு உணவை 9.30 இடைவேளைக்குள் முடித்துவிடுங்கள். 2022-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் 19 பேரை ஆய்வுக்கூடத்தில் இரவுவேலை போலவே விழித்திருக்கச் செய்தபோது, இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் கூடின. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. சிறிய ஆய்வுதான் என்றாலும், பின்னிரவுப் பரோட்டாவையும் முறுக்கையும் விட்டுப் பார்ப்பதில் நமக்கு நட்டமில்லை.

நவம்பர் முதல் ஞாயிறில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்வைப்பார்கள். உங்கள் வேலை 7.30 முதல் 4.30 வரை என்றாகும். அப்போது விடுமுறை உறக்கத்தையும் மூன்று மணிக்குத் தள்ளுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறில் பழைய நேரமே திரும்பிவிடும்.

மூன்று வாரம் இப்படி இருந்து, ஒரு நோட்டில் படுத்த நேரம், எழுந்த நேரம், அழுகை வந்த நேரம் மூன்றையும் குறியுங்கள். அதுவரை வேலையை விடும் முடிவைப் பின்னிரவில் எடுக்காமல், பிற்பகலில் மறுபடி யோசியுங்கள். அழுகை குறைந்தால் காரணம் கடிகாரம்தான். விடுமுறை நாளிலும் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் தாழ்ந்தே கிடந்தால், அல்லது உறக்கமே வேண்டாத அளவுக்கு உற்சாகம் திடீரென்று ஏறினால், அந்த நோட்டோடு ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் மூன்று வாரம் காத்திருக்காமல், எந்த நேரமானாலும் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். அதிகாலை மூன்றரைக்கும் அங்கே தமிழில் பேசலாம்.