அண்ணத்தைத் தைத்த பிறகும் காதில் ஏன் நீர்?

கேள்வி: என் மகளுக்கு 14 மாதம். பிறவியிலேயே அண்ணப்பிளவு, உதட்டில் பிளவு இல்லை. 10ஆவது மாதத்தில் ஆபரேஷன் செய்து மூடிவிட்டார்கள். 11ஆவது மாதத்திலும் இப்போதும் எடுத்த டெஸ்டில், இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் இருக்கிறது, 40 டெசிபல் அளவுக்குக் கேட்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். காதில் டியூப் வைக்கச் சொல்கிறார் டாக்டர். அவளுக்கு வலியும் இல்லை, சீழும் இல்லை. குளிப்பாட்டும்போது தண்ணீர் போயிருக்குமோ? தைத்த பிறகும் இது ஏன்? டியூப் அவசியமா?
— ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: குளிக்கிற தண்ணீர் அங்கே போகாது. செவிப்பறை ஓட்டையில்லாமல் இருக்கும்வரை வெளியிலிருந்து ஒரு சொட்டுகூட உள்ளே நுழைய வழியில்லை. அந்த நீர் உள்ளேயே ஊறியது. ஏன் ஊறுகிறது என்பதற்கான காரணம் காதில் இல்லை, அண்ணத்தில் இருக்கிறது.

செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவி ஒரு சிறிய காற்றறை. அங்கிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழல் வருகிறது. யூஸ்டேஷியன் குழல் என்பார்கள். அது எப்போதும் மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து, புதுக்காற்றை உள்ளே விடும். விமானத்தில் காது அடைத்து, விழுங்கியதும் 'டப்' என்று விடுபடுகிறதே, அதுதான் அது திறக்கிற சத்தம்.

திறப்பது ஒரு மெல்லிய தசை. குழலின் பக்கச்சுவரிலிருந்து கீழே இறங்கி, கொக்கி போன்ற ஒரு சின்ன எலும்பைச் சுற்றித் திரும்பி, அண்ணத்துக்குள் படுக்கையாக ஓடி, மறுபக்கத்துத் தசையோடு நடுக்கோட்டில் சேர்கிறது. கிணற்றுக் கயிறு ராட்டினத்தில் திரும்புவது போலத்தான். கயிற்றின் ஒரு முனை உறுதியாகப் பிடிபட்டிருந்தால்தானே இன்னொரு முனை எதையாவது இழுக்கும்? அண்ணத்தில் பிளவு இருந்தால் நடுக்கோடே இல்லை. தசை சுருங்கும், குழல் திறக்காது. உதட்டில் மட்டும் பிளவுள்ள குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை பெரிதாக வராததும், அண்ணப்பிளவுள்ள பச்சிளங்குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காதில் நீர் இருப்பதும் இதனால்தான்.

திறக்காத அறையில் என்ன நடக்கும்? உள்ளே இருக்கும் காற்றைச் சுற்றியுள்ள சவ்வு மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஈடுசெய்யப் புதுக்காற்று வராததால் அழுத்தம் குறைந்து, செவிப்பறை உள்வாங்கும். சவ்விலிருந்து நீர் கசியும். நாளாக ஆக அது பசைபோல் கெட்டியாகிவிடும். இது தொற்று அல்ல. அதனால்தான் உங்கள் மகளுக்கு வலி இல்லை. தேங்கிய நீரில், சளி பிடித்திருக்கும் சமயத்தில் மூக்கிலிருந்து கிருமி ஏறினால்தான் காய்ச்சல், அழுகை, சிவந்து புடைத்த செவிப்பறை, பிறகு சீழ் என்று வரும். பிளவு திறந்திருந்த மாதங்களில் பால் மூக்குக்கு ஏறியதும் குழலின் வாயைச் சுற்றி வீக்கத்தைக் கூட்டியிருக்கும். மேலும், குழந்தைகளுக்கு இந்தக் குழல் குட்டையாகவும் ஏறக்குறைய படுக்கையாகவும் இருக்கும். ஆகவே பாலூட்டும்போது தலையை உயர்த்தியே பிடியுங்கள்.

ஆபரேஷனில் அண்ணத்தின் தசைகளைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். ஆனால் அதன் முதல் நோக்கம் பேச்சும் விழுங்குதலும். மேல்நோக்கித் தூக்கும் தசையைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். காதுக்குழலைத் திறக்கும் தசைக்குப் பழைய பிடிமானம் முழுதாகக் கிடைப்பதில்லை. குழலின் குருத்தெலும்பும் இவர்களுக்குச் சற்றே தொளதொளவென்று இருக்கும். அதனால் தைத்த மறுநாளே காது சரியாகாது. முகம் வளர்ந்து குழல் நீண்டு சாயும்போதுதான் பலருக்குப் படிப்படியாகக் குறையும். அதற்குச் சில வருடங்கள் ஆகும்.

இனி உங்கள் ரிப்போர்ட். செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று காட்டும் டிம்பனோகிராமில் மேடு இல்லாமல் தட்டையாக ஒரு கோடு வந்திருக்கும். அதன் பக்கத்தில், வெளிக்காதுத் துளையின் கொள்ளளவைச் சொல்லும் ECV என்று ஓர் எண் இருக்கும். அது இந்த வயதுக்குரிய சிறிய அளவாக, பொதுவாக ஒரு மில்லிக்குக் கீழே, இருந்து கோடும் தட்டையாக இருந்தால் பின்னால் நீர். எண் பெரிதாக இருந்து கோடு தட்டையாக இருந்தால் செவிப்பறையில் ஓட்டை. மிகச் சிறியதாக இருந்தால் காதழுக்கு அடைத்திருக்கலாம், சுத்தம் செய்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

40 டெசிபல் என்றால் செவிடு அல்ல. மடியில் வைத்துப் பேசினால் திரும்புவாள், அதனால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அறையின் மறுமுனையிலிருந்து கூப்பிட்டாலோ டிவி ஓடும்போது பேசினாலோ பாதி வார்த்தை விழாது. ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் காணாமல் போகும். அண்ணப்பிளவுக் குழந்தைக்கு இதே ஒலிகளை உச்சரிப்பதும் கடினம். கேட்காததைச் சொல்லிப் பழக முடியாது. சொல் கற்கும் வயதில் இரண்டும் சேர்வதுதான் என் கவலை.

மற்ற குழந்தைகளுக்கு மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம். பலருக்குத் தானே வற்றிவிடும். உங்கள் மகளுக்கு அந்த மூன்று மாதம் கழிந்துவிட்டது, இரண்டு காதிலும் நீர், கேட்புக் குறைவும் நிரூபணமாகிவிட்டது. எனவே டாக்டர் சொன்னது நியாயமே. கேட்பு நன்றாக இருந்திருந்தால், நீர் இருக்கிறது என்பதற்காக மட்டும் டியூப் வைக்கச் சொல்லமாட்டேன்.

கிரொமெட் என்னும் அந்தச் சின்ன டியூபை மயக்கம் கொடுத்து, மைக்ரோஸ்கோப் வழியாக வைப்பார்கள். செவிப்பறையின் முன்-கீழ்ப் பகுதியில் சிறு கீறல், நீரை உறிஞ்சுதல், டியூபைச் செருகுதல், அவ்வளவுதான். குழல் செய்யாத வேலையை, அதாவது காற்று விடுவதை, இந்த ஓட்டை செய்யும். பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்தில் தானாக வெளியே வந்துவிடும். குழல் அதற்குள் தேறாவிட்டால் நீர் திரும்பும், சிலருக்கு மறுபடி வைக்க நேரும். ஒவ்வொரு முறையும் செவிப்பறையில் தழும்பு விழலாம், அபூர்வமாக ஓட்டை மூடாமலும் போகும். இது வேண்டாம் என்றால் காது மெஷின் நல்ல மாற்று. நீர் இருக்கட்டும், கேட்பு கிடைக்கும். சளி மருந்து, அலர்ஜி மருந்து, மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் இவை எதுவும் இந்த நீரை வற்றவைக்காது.

டியூப் இருக்கும்போது காதில் எண்ணெய் கூடாது. குளித்ததும் காதில் வாய்வைத்து ஊதும் பாட்டி வைத்தியமும் கூடாது. தலைக்குக் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வையுங்கள். சோப்பு நீர்தான் டியூபுக்குள் சுலபமாக இறங்கும். சீழ் வந்தால் பயப்படாதீர்கள், அழுத்தம் வெளியேறுவதால் வலி அதிகம் இருக்காது. சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டுமருந்து, வழக்கமாக நாளுக்கு இரண்டு முறை, 7 நாள். சொட்டு விட்டதும் காதின் முன்னால் உள்ள சிறு மடலை நாலைந்து முறை அழுத்துங்கள், அப்போதுதான் உள்ளே இறங்கும். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகளைக் கடையில் கேட்டு வாங்கிவிடாதீர்கள். ஓட்டை வழியே போனால் உட்செவிக்கு ஆகாது.

பின்னாளில் யாராவது மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையை எடுத்துவிட்டால் காது சரியாகும் என்றால், அண்ணத்தைத் தைத்த சர்ஜனைக் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம். இக்குழந்தைகள் பலருக்கு அந்தச் சதைதான் பேசும்போது மூக்கு வழியாகக் காற்று போகாமல் அடைக்கிறது. எடுத்தால் பேச்சு மூக்கில் போய்விடலாம். டியூப் விழுந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காதைக் காட்டுங்கள். நாற்றத்துடன் விட்டுவிட்டுச் சீழ் வந்தால் அந்த ஆறு மாதத்துக்குக் காத்திருக்காதீர்கள்: செவிப்பறையின் மேல்பகுதி உள்வாங்கிப் பையாகி, தோல் சேர்ந்து எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா அப்படித்தான் தொடங்கும்.