பில்லை வைத்து முன்கூட்டியே பணம்

"4 லட்ச ரூபாய் பில். கம்பெனி 90 நாள் இழுக்குது. சம்பளம் போடக் காசில்லை. பில்லை வச்சுப் பணம் வாங்கலாமா?"

வாங்கலாம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால், பில்லை வங்கிகளிடம் ஏலம் விட்டு முன்கூட்டியே பணம் வாங்கும் ட்ரெட்ஸ் இணையதளத்தில் சேருங்கள். விற்றுமுதல் 250 கோடிக்கு மேலுள்ள கம்பெனிகளுக்கு அதில் பதிவு கட்டாயம். ஆனால் உங்கள் பில்லை அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் வங்கிகள் ஏலம் கேட்கும்.

பெரும்பாலும் மாட்டுவது இங்கேதான். பில்லில் 500 உருப்படி, அவர்களுடைய சரக்கு வரவுச் சீட்டில் 480 என்றால் ஒப்புதல் வராது. முதலில் அவர்கள் ஸ்டோர்ஸில் பேசி அதைச் சரிசெய்யுங்கள்.

75 நாள் பாக்கியிருக்க, 9% வட்டிக்கு ஏலம் முடிந்தால் சுமார் 7,400 ரூபாய் பிடிப்பார்கள். தளக் கட்டணம் தனி. மீதி வழக்கமாக அடுத்த வேலை நாளில் ஏறும். பிறகு கம்பெனி கட்டாவிட்டாலும் வங்கி உங்களிடம் திருப்பிக் கேட்காது.

கேஷ் கிரெடிட் வைத்திருக்கிறீர்களா? அந்த வங்கியிடம் முன்பே சொல்லி, மாதாமாதம் அவர்களுக்குக் கொடுக்கும் கடனாளர் பட்டியலிலிருந்து இந்த பில்லை எடுத்துவிடுங்கள். ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கியதாக ஆகிவிடக் கூடாது.