100 கிலோ உரக் கலவையும் நான்காவது நிரலும்

கேள்வி: கந்தப்பளையில் லீக்ஸ் செய்கிறோம். யூரியா, டிஏபி, எம்ஓபி கலந்த 100 கிலோ உரத்தில் நைதரசன் 22 கிலோ, பொசுபேற்று 9.2 கிலோ, பொட்டாசு 18 கிலோ இருக்க வேண்டும். எக்செலில் MINVERSE போட்டால் #VALUE! என்றே வருகிறது. தரகர் ஒருவர் இதே மூன்று உரங்களைக் கொண்டே, மற்ற இரு சத்துகளும் குறையாமல், 100 கிலோவில் நைதரசன் 30 கிலோ இருக்குமாறு கலந்து தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: MINVERSE சதுரத் தாயத்தை மட்டுமே ஏற்கும். மூன்று சத்துகளோடு "மொத்தம் 100" என்பதையும் சேர்த்தால் சமன்பாடுகள் நான்காகின்றன, ஆனால் உரங்கள் மூன்றுதான். ஆகவே சத்தில்லாத காய்ந்த மணலை நான்காவது பொருளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மணலுக்குப் பதிலாக டொலமைட்டைப் போடச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். அது யூரியாவோடும் டிஏபியோடும் சேர்ந்தால் நைதரசனில் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் போய்விடலாம்.

யூரியா, டிஏபி, எம்ஓபி, மணல் என்ற வரிசையில் A2:D5 இல் இவ்வாறு நிரப்புங்கள்:

```
0.46  0.18  0     0
0     0.46  0     0
0     0     0.60  0
1     1     1     1
```

முதல் மூன்று நிரைகள் முறையே ஒரு கிலோ உரத்திலுள்ள நைதரசன், பொசுபேற்று, பொட்டாசு அளவுகளுக்கு, கடைசி நிரை மொத்த எடைக்கு. சுழியங்களைக் கட்டாயம் தட்டச்சிடுங்கள், ஏனெனில் ஒரு கலம் வெறுமையாக இருந்தாலும் அதே #VALUE! தான் வரும். உரங்களை நிரைகளிலும் சத்துகளை நிரல்களிலுமாக மாற்றி எழுதினால் பிழைச் செய்தி எதுவுமின்றியே தவறான விடை வரும் என்பதால், அதில் கூடுதல் கவனம் தேவை. F2:F5 இல் 22, 9.2, 18, 100 என எழுதி, H2:H5 ஐத் தெரிவுசெய்து பின்வருவதை இடுங்கள். பழைய எக்செலாயின் Ctrl+Shift+Enter அழுத்துங்கள்.

```
=MMULT(MINVERSE(A2:D5),F2:F5)
```

யூரியா 40, டிஏபி 20, எம்ஓபி 30, மணல் 10 கிலோ என வரும். டிஏபியிலும் நைதரசன் இருப்பதால் அதன் 20 கிலோவிலிருந்து 3.6 கிலோ கிடைத்துவிடுகிறது; மீதி 18.4 கிலோவைத்தான் யூரியா தருகிறது. உரப் பரிந்துரை சத்துக் கணக்கில் மட்டும் இருந்தால், மூட்டைக் கணக்கு விவசாயியின் தலையில்தான் விழுகிறது. இத்தனை சிறிய அட்டவணையை அந்தப் பரிந்துரையின் பின்பக்கத்தில் தமிழில் போட்டிருந்தால் தரகருக்கு இங்கே வேலையே இருந்திராது.

இனி அவருடைய கலவையைப் பார்ப்போம். F2 இல் 22 ஐ 30 ஆக மாற்றுங்கள். யூரியா 57.39 ஆக உயர, மணல் −7.39 ஆகும். எடை எதிர்க்குறியில் வருவது, உரங்கள் மூன்றும் சேர்ந்தே 107 கிலோவைத் தாண்டிவிட்டன, 100 கிலோ மூட்டைக்குள் அவை அடங்கா என்பதைக் காட்டுகிறது. ஆகவே அவர் சொல்லும் மூட்டையில் மூன்று சத்துகளில் ஒன்றாவது குறைந்தே இருக்கும். கலந்த பின் எது குறைந்தது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதை வாங்காமல், மூன்று உரங்களையும் தைத்த மூட்டைகளாகத் தனித்தனியே வாங்கி, பையில் அச்சிட்ட வீதங்கள் மேலேயுள்ள எண்களோடு ஒத்துள்ளனவா என்று பார்த்து, வித்தியாசமிருந்தால் தாயத்தில் அந்த எண்ணை மாற்றி எழுதிய பின்னரே கலவுங்கள்.