முதல் பிராண்ட் டிசைனர்: எங்கள் விளம்பரம் ஏன் தோற்றது?

கேள்வி: எங்களுடையது வளர்ந்துவரும் உணவு நிறுவனம். முதன்முறையாக ஒரு பிராண்ட் டிசைனரை நிரந்தரமாக எடுக்கிறோம். விளம்பரத்தில் என்னென்ன திறமைகள் கேட்கலாம்?

கொழிஞ்சாம்பாறையில் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் சரக்கு போகும், அதனால் பாக்கெட்டில் ஆங்கிலத்தோடு தமிழும் மலையாளமும் வேண்டும். எங்கள் முதல் விளம்பரத்தில் லோகோ, ரீல்ஸ், போட்டோ, வெப்சைட், வீடியோ எடிட்டிங் எல்லாம் கேட்டிருந்தோம். சிப்ஸ் பாக்கெட்டைக் குறிக்கும் "பவுச்" என்ற சொல் மட்டும் இல்லை.

வந்த பையன் நல்ல திறமைசாலி, திரையில் அவன் செய்ததெல்லாம் கண்ணைப் பறித்தது. பாக்கெட்டின் மற்ற நிறங்களோடு சேரட்டும் என்று பார்கோடையும் செங்கல் சிவப்பில் போட்டான். கடைகளில் உள்ள ஸ்கேனர் பெரும்பாலும் சிவப்பு ஒளியில் படிப்பது. சிவப்புக் கோடும் வெள்ளைப் பின்னணியும் அதற்கு ஒன்றுதான். பில் போடும் இடத்தில் 'பீப்' வரவேயில்லை. பொருட்பட்டியலின் பொடி எழுத்தை நான்கு நிறம் கலந்து அச்சாகும்படி விட்டிருந்தான். பாக்கெட் அச்சாகும் பிளாஸ்டிக் ரோலில் நிறங்கள் மயிரிழை விலகினாலும் அந்த எழுத்து கலங்கிவிடும், கலங்கியது. கிராவூர் அச்சில் நிறத்துக்கு ஒரு சிலிண்டர் வெட்ட வேண்டும். தவறு தெரியும்போது சிலிண்டருக்கும் ரோலுக்கும் காசு கொடுத்தாயிற்று. பார்கோடு மேல் ஸ்டிக்கர் ஒட்டியே அந்த ரோலைத் தீர்த்தோம். குற்றம் அவனுடையது இல்லை, விளம்பரத்தில் நாங்கள் கேட்டதைத்தான் அவன் செய்தான்.

இரண்டாம் முறை எழுதியது ஏறக்குறைய இப்படி:

"முதல் 6 மாத வேலை: 4 வகை சிப்ஸுக்குப் பவுச், அட்டைப்பெட்டி. அச்சகத்துக்குக் கோப்பு தயாரித்து, புரூஃப் பார்த்து, முதல் ரோல் ஓடும்போது நேரில் நிற்க வேண்டும். தமிழ், மலையாள எழுத்து உடையாமல் கோக்கத் தெரிய வேண்டும். FSSAI லேபிள் விதிகளைப் படித்து இடம் ஒதுக்கத் தெரிய வேண்டும். வீடியோ எடிட்டிங் இந்த வேலையில் இல்லை. வடிவமைப்புக்கு ஒப்புதல் தருபவர் ஒருவர் மட்டுமே. நீங்கள் செய்து அச்சாகி வந்த ஒரு பாக்கெட்டைக் கொண்டு வாருங்கள். அச்சகத்தில் அதில் என்ன கோளாறு வந்தது என்று சொல்லுங்கள்."

அதன் கீழே சம்பளத்தையும் போட்டோம்.

லேபிள் விதி என்று ஏன் தனியாகச் சொன்னோம் தெரியுமா? பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், அந்தச் சைவக் குறியின் அளவு முகப்புப் பரப்பைப் பொறுத்தது. 100 சதுர செ.மீ. வரை வட்டத்தின் விட்டம் குறைந்தது 3 மி.மீ., அதற்கு மேல் 500 வரை 4 மி.மீ. சின்னப் பாக்கெட் டிசைனைப் பெரிய பாக்கெட்டுக்கு அப்படியே ஒட்டினால் இங்கேதான் சறுக்கும்.

ஒப்புதல் வரியை முதலாளி எடுக்கச் சொன்னார். அண்ணன், மச்சான், சேல்ஸ்காரர் என்று ஆளுக்கொரு நிறம் சொல்லி முதல் பையன் பட்ட பாட்டை ஞாபகப்படுத்தினேன். அந்த வரி அப்படியே இருந்தது. விண்ணப்பம் குறைவாகத்தான் வந்தது. நாங்கள் எடுத்த பெண் பையிலிருந்து ஒரு முறுக்கு பாக்கெட்டை எடுத்து வைத்து, "சார், இதுல 'கொ' உடைஞ்சிருக்கு, ரோல் ஓடின பிறகுதான் பார்த்தேன்" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார்.