இரட்டைப் படுக்கை என்றால் எத்தனை கட்டில்? ஓட்டல் குழும மொழிபெயர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நாங்கள் நாலு பேர் ஒரு ஓட்டல் குழுமத்துக்கு மொழிபெயர்க்கிறோம். இணையதளம், முன்பதிவுக் கடிதம், ஊழியர் கையேடு எல்லாம் வருகிறது. சொற்பட்டியலை எங்கே தொடங்குவது?

விருந்தினர் எதற்குப் பணம் கட்டுகிறாரோ அந்தச் சொற்களில் தொடங்குங்கள். நான் ஒருங்கிணைத்த ஒரு குழுமத்தில் நடந்ததைச் சொல்கிறேன். டபுள் ரூம் என்றால் இருவர் படுக்க ஒரே பெரிய கட்டில். ட்வின் ரூம் என்றால் தனித்தனியாக இரண்டு கட்டில். இணையதளத்தை மொழிபெயர்த்தவர் டபுளை ‘இரட்டைப் படுக்கை அறை’ என்றார். கடிதத்தை மொழிபெயர்த்தவர் ட்வினை அதே பெயரால் எழுதினார். ஒரு அம்மாவும் வளர்ந்த மகனும் இரண்டு கட்டில் என்று நம்பிப் பதிவு செய்தார்கள். வந்து கதவைத் திறந்தால் ஒரே கட்டில். அகராதிப்படி இருவர் எழுதியதிலும் பிழை இல்லை, அதனால்தான் சரிபார்த்தவர் கண்ணில் படவில்லை. பிறகு பட்டியலில் இப்படிப் போட்டோம்:

```
double room | ஒரு பெரிய கட்டில் அறை | தவிர்க்க: இரட்டைப் படுக்கை
twin room | இரு தனிக்கட்டில் அறை | தவிர்க்க: இரட்டைப் படுக்கை
```

மூன்றாவதாக உள்ள ‘தவிர்க்க’ பகுதியை விட்டுவிடாதீர்கள். எதை எழுதக் கூடாது என்பது தெரியாவிட்டால் புதிதாக வருபவர் பழைய சொல்லையே திரும்பக் கொண்டுவருவார். முதல் மாதத்துக்கு நூறு, நூற்றைம்பது சொல் போதும். சுவர், ஜன்னல், தலையணைக்கெல்லாம் பதிவு வேண்டாம்.

கேள்வி: மொழிபெயர்ப்பு நினைவகம் இருக்கும்போது தனியாகப் பட்டியல் எதற்கு? பழைய வாக்கியம் தானாக வந்துவிடுமே.

வரும், அது பெரிய உதவிதான். ஆனால் நினைவகம் சரியையும் தவறையும் ஒன்றுபோலவே வைத்துக்கொள்ளும். ‘காம்ப்ளிமென்டரி பிரேக்ஃபாஸ்ட்’ எங்கள் நினைவகத்தில் ஓரிடத்தில் ‘இலவசக் காலை உணவு’, ஓரிடத்தில் ‘பாராட்டுக் காலை உணவு’ என்று கிடந்தது. இரண்டாவதை நூறு சதவீதப் பொருத்தம் என்று மென்பொருள் நீட்ட, அவசரத்தில் இருந்தவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். எது சரி என்று தீர்ப்பு எழுதி வைக்கும் இடம்தான் பட்டியல். அதில் ஒரு சொல்லை மாற்றிய அன்றே நினைவகத்திலும் தேடித் திருத்துங்கள். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

கேள்வி: பட்டியலை memoQ மொழிபெயர்ப்பு மென்பொருளில் ஏற்றினேன். சரியாக எழுதிய வாக்கியங்களையே ‘சொல் இல்லை’ என்று எச்சரிக்கிறது. ஆளுக்கு இருநூறு எச்சரிக்கை. யாரும் இப்போது பார்ப்பதே இல்லை.

தமிழில் அடிக்கடி வரும் சிக்கல் இது. பட்டியலில் ‘கட்டணம்’ என்று இருக்கிறது. வாக்கியத்தில் ‘கட்டணத்தை’ என்று வருகிறது. ‘ம்’ போய் ‘த்’ வந்துவிட்டதால் மென்பொருளுக்கு அது வேறு சொல். ‘விருந்தினர்’ இன்னும் நுணுக்கமானது: ‘விருந்தினரின்’ என்றதும் கடைசிப் புள்ளி மறைந்துவிடுகிறது. நம் கண்ணுக்கு அதே ‘ர’தான், ஆனால் கணினிக்குப் புள்ளி தனிக்குறி. அதனால் மாறாமல் நிற்கும் பகுதி முடியும் இடத்தில் செங்குத்துக் கோடு போடுங்கள்:

```
கட்டண|ம்
விருந்தினர|்
```

இரண்டாவது வரியில் கோட்டுக்குப் பின் புள்ளி தனியாக நின்று பார்க்க விகாரமாக இருக்கும், பரவாயில்லை. அதைத் தட்டச்சு செய்ய முடியாவிட்டால் ‘விருந்தினர’ என்பதை மட்டும் கூடுதல் வடிவமாகச் சேர்த்து, முன்பகுதி பொருந்தினால் போதும் என்று அமைப்பில் சொல்லுங்கள். ‘அறை’ போன்ற சொற்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ‘அறையில்’, ‘அறைகளை’ எல்லாம் ‘அறை’ என்றே தொடங்குகின்றன. ஆனால் ‘அறைகூவல்’கூடப் பொருந்திவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: எங்களுக்குக் கொடைக்கானலில் நாலு அறை ஹோம்ஸ்டே. குளியலறையில் வெந்நீர் அறிவிப்பு எழுத வேண்டும். ‘பயன்படுத்தவும்’ சரியா, ‘பயன்படுத்துங்கள்’ சரியா?

நாலு அறைக்குச் சொற்பட்டியல் தேவையில்லை, ஆனால் கேட்டது நல்ல நடைக் கேள்வி. நாங்கள் வைத்த விதி: விருந்தினர் படிப்பதற்கெல்லாம் ‘-உங்கள்’, ஊழியர் கையேட்டுக்கும் தீ எச்சரிக்கைக்கும் ‘-அவும்’. ‘குழாயை இரண்டு நிமிடம் திறந்து வையுங்கள், வெந்நீர் வரும்’ என்று எழுதுங்கள். ஒரே அட்டையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி: ‘ஓட்டல்’ என்று எழுதினால் சாப்பாட்டுக் கடை என்கிறார் எங்கள் சரிபார்ப்பாளர். ‘விடுதி’ என்றால் மாணவர் விடுதி போல் இருக்கிறதாம். செக்-இன்னுக்கும் இதே சண்டை.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘ஓட்டலுக்குப் போகலாம்’ என்றால் இட்லி சாப்பிடத்தான். நாங்கள் பெயருடன் வரும்போது ‘ஹோட்டல்’, பொதுவாகச் சொல்லும்போது ‘தங்கும் விடுதி’ என்று முடிவு செய்தோம். செக்-இன் இன்னும் முடியவில்லை. ‘செக்-இன் நேரம்: பிற்பகல் 2 மணி’ என்றால் விருந்தினருக்கு உடனே புரிகிறது. ‘வருகைப் பதிவு’ என்றால் அலுவலக வருகைப் பதிவேடு நினைவுக்கு வருகிறது. நான் ‘செக்-இன்’ பக்கம். குழுமத்தின் விளம்பரப் பிரிவு ‘அறை ஏற்பு’ கேட்கிறது. முடிவாகும்வரை பட்டியலில் அந்த வரிக்கு ‘நிலுவை’ என்று குறித்து, கேட்டவர் பெயரையும் தேதியையும் போட்டு வைத்திருக்கிறோம்.